திரை உடைந்த போனில் வாட்ஸ்அப்பைப் படிக்க: எது வேலை செய்கிறது என்று பார்த்து வழி பிடியுங்கள்

முதலில் ஒன்று. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைக்காதீர்கள், ரீஸ்டார்ட்டும் செய்யாதீர்கள், சார்ஜ் இறங்கி அதுவாக அணையவும் விடாதீர்கள். அணைந்து எழுந்த போன் முதல் தடவை பின் நம்பரோ பேட்டர்னோ போட்டுத்தான் திறக்கும், கைரேகையை ஏற்காது. அது போடும்வரை உள்ளே இருக்கும் தரவும் பூட்டியே கிடக்கும். தொடுதிரை செத்த போனில் கைரேகைதான் நமக்கு மிச்சமிருக்கும் சுலபமான சாவி. திரை உடைந்ததும் ஆளாளுக்கு பவர் பட்டனை அமுக்கிப் பார்ப்பது வழக்கம், அதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, உடைந்த போனை டிவியிலோ லேப்டாப்பிலோ காட்டி அதில் உட்கார்ந்து பழைய சாட் எல்லாவற்றையும் படித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். போன் எப்போது முழுசாகப் படுக்கும் என்று தெரியாது. கேபிளோ மவுஸோ மிரரிங்கோ, எது கிடைத்தாலும் அதைக் கால் மணி நேரத்துக்கான பாலமாக மட்டும் வையுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் வாட்ஸ்அப்பை ஒரு கம்ப்யூட்டரில் இணைத்துவிட வேண்டும், பேக்கப்பையும் ஓடவிட்டுவிட வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரில் நிதானமாகப் படிக்கலாம்.

நான் சொல்வது ஆண்ட்ராய்டு போனுக்கு, அதுவும் பூட்டைத் திறக்க உங்களுக்குத் தெரிந்திருக்கும் உங்கள் சொந்தப் போனுக்கு. பூட்டை உடைக்கும் வழி எதுவும் இதில் இல்லை.

## படம் தெரிகிறது, தொட்டால் கேட்கவில்லை

இதுதான் அதிகம் நடப்பது, சுலபமும் இதுதான். இதற்கு மிரரிங் தேவையே இல்லை. கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றும் ஒரு ஓடிஜி அடாப்டரும் போதும். போனின் சார்ஜ் போடும் ஓட்டையில் அடாப்டரைச் செருகி மவுஸை மாட்டினால் திரையில் அம்புக்குறி வரும். கிளிக் செய்தால் விரலால் தொட்டது போல, அமுக்கிப் பிடித்து இழுத்தால் தள்ளுவது போல. பேட்டர்ன் பூட்டைக்கூட மவுஸால் வரைந்துவிடலாம்.

அம்புக்குறி வரவில்லையா? மவுஸின் அடியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் போனிலிருந்து மவுஸுக்குக் கரன்ட் போகவில்லை. அடாப்டர் சரியில்லாமல் இருக்கலாம், ஓட்டையில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது போனில் ஓடிஜி அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் பலருக்குத் தெரியாது. ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ், விவோ போன்களில் பலவற்றில் `OTG` என்று அமைப்புகளில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது, நாமே போய் அதைப் போட வேண்டும். போட்டாலும் பத்து நிமிடம் எதுவும் மாட்டாமல் விட்டால் அதுவே அணைந்துகொள்ளும். தொடுதிரை செத்த பிறகு அந்த சுவிட்சை எப்படிப் போடுவது என்பதுதான் சிக்கல்.

என் மாமாவுக்கு நடந்ததே இதுதான். நீடாமங்கலம் பக்கம் அவர் ஒரு பெல்ட் வண்டி வைத்து அறுவடைக்கு வாடகைக்கு விடுகிறார். சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்த தை மாதம், வண்டியிலிருந்து இறங்கும்போது சட்டைப்பையில் இருந்த போன் வரப்பில் இருந்த கருங்கல் மேல் விழுந்தது. யார் வயலில் எத்தனை மணி நேரம் ஓட்டினோம், யார் எவ்வளவு கொடுத்தார்கள், யார் பாக்கி, எல்லாம் டிரைவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. "மாப்ளே, ஒரு மாசக் கணக்கு மொத்தமும் இதுக்குள்ளதான் கிடக்கு, எடுத்துக் குடுத்துரு" என்று போனைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அதற்கு முன்பு ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அங்கே "ரீசெட் பண்ணிதான் குடுப்போம், உள்ள இருக்கறது போயிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். திரை உடைந்ததற்கும் ரீசெட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படி யாராவது சொன்னால் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாமா போனில் படம் தெரிந்தது, குறுக்கே இரண்டு பச்சைக் கோடுகள் மட்டும். திரையின் மேல் பாதி தொட்டால் கேட்டது, கீழ்ப் பாதி கேட்கவில்லை. பின் நம்பர் கட்டம் கீழ்ப் பாதியில் வருகிறது, அதனால் பின் போட முடியாது. நல்லவேளை கைரேகை பக்கவாட்டு பட்டனில் இருந்தது, போனையும் யாரும் அணைக்கவில்லை, அதனால் திறந்தது. மவுஸை மாட்டினேன், விளக்கு எரியவில்லை. இரண்டு அடாப்டர் மாற்றிப் பார்த்தும் அப்படியே. அப்போதுதான் அந்த சுவிட்ச் ஞாபகம் வந்தது.

மேலிருந்து பட்டையை இழுக்க முடிந்தது, பல் சக்கரத்தைத் தொட்டு அமைப்புகளுக்கும் போக முடிந்தது. ஆனால் ஓடிஜி வரி இருப்பது பட்டியலில் எங்கோ அடியில். அதே பட்டையில் ஆட்டோ ரொட்டேட்டைப் போட்டுவிட்டு போனைப் படுக்க வைத்தேன். படுத்த நிலையில் செத்த பாதி வலது பக்கமாகப் போய்விட்டது, பட்டியல் இடமிருந்து வலம் முழு அகலத்துக்கும் நீண்டது. இடது பக்கம் மட்டும் தொட்டுத் தொட்டு கடைசிவரை நகர்த்தலாம். ஓடிஜி வரிக்கு வந்ததும் சுவிட்ச் வலது ஓரத்தில், அதாவது செத்த பக்கத்தில். போனை மறுபக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தால் படமும் புரண்டு, வலது ஓரம் உயிருள்ள பாதிக்கு வந்துவிடுகிறது. தொட்டேன், விழுந்தது. மவுஸில் சிவப்பு விளக்கு எரிந்ததும் மாமா கையெடுத்துக் கும்பிட்டார், என்னையா மவுஸையா என்று தெரியவில்லை.

ஒரு பாதி மட்டும் செத்த திரைக்கு இந்தப் புரட்டல் நிறைய இடத்தில் உதவும். பூட்டுத் திரை மட்டும் பெரும்பாலான போன்களில் புரளாது.

## அம்புக்குறி வந்துவிட்டது, அடுத்து என்ன

கம்ப்யூட்டரில் `web.whatsapp.com` திறங்கள். கியூஆர் கோடு வரும், அதற்கு போனின் கேமராவைப் பிடித்துக் காட்ட வேண்டும். மவுஸ் தொங்கும் போனைத் தூக்கிப் பிடிப்பது தொல்லை, அதோடு கேமரா கண்ணாடியும் உடைந்திருந்தால் படிக்காது. அதனால் கியூஆருக்கு அடியில் போன் நம்பர் வைத்து உள்நுழையும் வழி இருக்கும், அதை எடுங்கள். நம்பரைக் கொடுத்ததும் கம்ப்யூட்டரில் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். போனில் வாட்ஸ்அப்பின் மூன்று புள்ளியைக் கிளிக் செய்து `Linked devices`, அதில் `Link a device`, அங்கே கைரேகையோ பின்னோ கேட்டால் கொடுத்து, கேமரா திறந்ததும் கீழே இருக்கும் `Link with phone number instead` என்பதை அழுத்தி அந்த எட்டு எழுத்தையும் போடுங்கள். மவுஸால் ஒவ்வொரு எழுத்தாக அடிக்க வேண்டியதுதான்.

இணைந்தவுடன் கம்ப்யூட்டரில் எல்லாம் வந்துவிடாது. போன்தான் பழைய செய்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும். அதுவரை போன் நெட்டில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பும் திறந்திருக்கட்டும். ரொம்பப் பழைய செய்திகள் கடைசிவரை வராது, போனில் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி மட்டும் நிற்கும். முக்கியமான பழைய சாட் ஒன்றிரண்டு இருந்தால், போனிலேயே அந்த சாட்டைத் திறந்து மூன்று புள்ளி, `More`, `Export chat` கொடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். எழுத்து மட்டும் ஒரு கோப்பாக வரும். வாய்ஸ் மெசேஜும் வேண்டும் என்றால் மீடியாவோடு அனுப்பச் சொல்லுங்கள்.

அது முடிந்ததும் வாட்ஸ்அப்பில் `Settings`, `Chats`, `Chat backup` போய் பேக்கப்பை ஓடவிடுங்கள். புதுப் போனுக்கு மாறும்போது சாட் முழுதாக வருவது இதிலிருந்துதான். இங்கே வரிசை முக்கியம். பேக்கப் முடிந்த பிறகுதான் புதுப் போனில் அதே நம்பரைப் பதிய வேண்டும். முதலில் பதிந்துவிட்டால் பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், நாம் பட்ட பாடெல்லாம் வீண். பேக்கப் எந்த கூகுள் கணக்கில் போகிறது என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாமாவின் கணக்கு அவர் மகன் காலேஜில் படிக்கும்போது போட்டுக்கொடுத்தது, பாஸ்வேர்டு அவருக்கே தெரியாது.

கம்ப்யூட்டரில் இணைந்த வாட்ஸ்அப் போன் அணைந்தாலும் ஓடும், ஆனால் போன் 14 நாளுக்கு மேல் உபயோகத்தில் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரும் வெளியேற்றப்படும். அதற்குள் புதுப் போன் பார்த்துவிடுங்கள்.

மவுஸ் மாட்டியிருக்கும்போது சார்ஜ் போட முடியாது, ஓட்டை ஒன்றுதானே. ஆகவே முதலில் முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு மதியம் கரன்ட் வேறு போயிருந்தது, 40 சதவீதத்தில் தொடங்கி 11 வந்து நின்றது.

## திரை முழுக் கருப்பு, ஆனால் மணி அடிக்கிறது

வேறு போனிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கிறது, அதிர்கிறது, ஆனால் எதுவும் தெரியவில்லை. இருட்டான இடத்துக்குக் கொண்டுபோய் டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடித்துப் பாருங்கள். எல்சிடி திரையில் பின்விளக்கு மட்டும் போயிருந்தால் படம் மங்கலாகத் தெரியும், அப்படித் தெரிந்தால் டார்ச் வெளிச்சத்திலேயே வேலையை முடித்துவிடலாம். அமோலெட் திரை என்றால் இந்த வித்தை பலிக்காது, அதில் பின்விளக்கே கிடையாது.

உண்மையிலேயே கருப்பு என்றால் இங்கேதான் டிவி, கேபிள், மிரரிங் எல்லாம் வருகிறது. இதில் ஆசைப்பட்டு முதலிலேயே டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிளை வாங்கிவிடாதீர்கள். போனின் டைப்-சி ஓட்டை வழியே படம் வெளியே வர, அந்த போனுக்குள்ளேயே அதற்கான ஏற்பாடு இருக்க வேண்டும், அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் என்று பெயர். சாம்சங்கில் எஸ் 8 தொடங்கி எஸ் வரிசை போன்களில் இருக்கிறது, பிக்சல் 8 முதல் இருக்கிறது, ஐபோன் 15 முதல் இருக்கிறது. பத்துப் பதினைந்தாயிரத்துக்கு வாங்கும் போன்களில் ஏறக்குறைய எதிலும் இல்லை. இல்லாத போனில் எந்தக் கேபிளை மாட்டினாலும் டிவி `No signal` என்றுதான் சொல்லும். அது கேபிளின் தவறல்ல, வேறு கேபிள் வாங்கியும் பயனில்லை.

இருக்கிற போன் என்றால், எச்டிஎம்ஐ ஓட்டையும் யுஎஸ்பி ஓட்டையும் சார்ஜ் ஓட்டையும் சேர்ந்த ஒரு ஹப் வாங்கி டிவி, மவுஸ், கீபோர்டு, சார்ஜர் நான்கையும் ஒரே நேரத்தில் மாட்டிவிடலாம். படம் வரவில்லை என்றால் போன் பூட்டியிருக்கலாம். கைரேகை வையுங்கள், இல்லையென்றால் கீபோர்டில் ஸ்பேஸ் தட்டி பின்னை அடித்து என்டர் கொடுங்கள். தப்பாகப் பலமுறை அடித்தால் போன் காத்திருக்கச் சொல்லும், கருப்புத் திரையில் அது தெரியாது. இரண்டு தடவைக்கு மேல் அடிக்காமல் சற்றுப் பொறுங்கள்.

கம்பியில்லாமல் டிவிக்கு அனுப்பும் காஸ்ட், ஸ்மார்ட் வியூ எல்லாம் பலர் முதலில் நினைப்பது. அதைத் தொடங்குவதற்கே போனில் நாலைந்து இடம் தொட வேண்டும், எதுவும் தெரியாத திரையில் எங்கே தொடுவது? திரை பாதி தெரியும்போது சரி, முழுக் கருப்பில் விட்டுவிடுங்கள்.

## லேப்டாப்பில் கேபிள் போட்டால் காலியாக வருகிறது

கேபிள் போட்டதும் லேப்டாப் சத்தமே போடவில்லை என்றால் கேபிளில் சார்ஜ் கம்பி மட்டும்தான் இருக்கிறது. பவர் பேங்கோடும் மலிவு ஹெட்செட்டோடும் வரும் குட்டிக் கேபிள்கள் பல இப்படித்தான். போனோடு வந்த கேபிளைத் தேடுங்கள்.

சத்தம் போட்டு, போன் பெயரும் வந்து, உள்ளே போனால் காலி என்றால், போன் சார்ஜ் மட்டும் என்ற நிலையில் இருக்கிறது. திறந்த போனில் `File transfer` என்று மாற்ற வேண்டும், அதற்கும் திரை வேண்டும். மாற்றினாலும் கிடைப்பது போட்டோ, வீடியோ, வாய்ஸ் மெசேஜ் கோப்புகள்தான். சாட் எழுத்து அங்கே பூட்டிய கோப்பாகத்தான் இருக்கும், நோட்பேடில் திறந்து படிக்க முடியாது.

லேப்டாப்பில் போன் திரையையே பார்க்க `scrcpy` என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அருமையான சாமான், ஆனால் கம்ப்யூட்டர் கேபிள் வழியே போனை இயக்க விடும் `USB debugging` என்ற சுவிட்சைத் திரை உடைவதற்கு முன்பே போனில் போட்டு வைத்திருந்தால்தான் படம் காட்டும். போட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, லேப்டாப்பில் `scrcpy` இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் ஜன்னலைத் திறந்து இப்படி அடியுங்கள்:

```
adb devices
```

`List of devices attached` என்ற வரிக்குக் கீழே எதுவும் வரவில்லை என்றால், கேபிள் நல்லது என்ற பட்சத்தில், பெரும்பாலும் போடவில்லை என்று அர்த்தம். `device` என்று வந்தால் அதிர்ஷ்டம், `scrcpy` என்று அடியுங்கள், திரை ஜன்னலில் வந்துவிடும். படம் வருகிறது ஆனால் கிளிக் கேட்கவில்லை என்றால், குறிப்பாக ஷாவ்மி போன்களில், இப்படி முயலுங்கள்:

```
scrcpy --keyboard=uhid --mouse=uhid
```

`unauthorized` என்று வந்தால், இந்த லேப்டாப்பை அனுமதிக்கவா என்று போன் திரையில் கேட்டுக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். முன்பு அனுமதித்த லேப்டாப்பாக இருந்தாலும் ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு வாரம் இணைக்காமல் விட்டால் அனுமதி காலாவதியாகிவிடும், அதனால் இப்படி வரும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கேள்விக்கு லேப்டாப் கீபோர்டாலேயே பதில் சொல்லலாம்:

```
adb kill-server
scrcpy --otg
```

இது படம் காட்டாது, டீபக்கிங்கும் கேட்காது. லேப்டாப்பின் கீபோர்டையும் மவுஸையும் போனில் மாட்டியது போல ஆக்கிவிடும், அவ்வளவுதான். பின் அடித்துத் திறந்துவிட்டு, டேப் விசையை இரண்டு மூன்று தடவை தட்டி என்டர் கொடுத்து, வெளியே வந்து மறுபடி `adb devices` பாருங்கள். எத்தனை டேப் என்பது போனுக்குப் போன் மாறும். வரவில்லை என்றால் கேபிளைப் பிடுங்கி மாட்டி மறுபடி `adb devices` அடித்துக் கேள்வியை வரவழைத்து, மேலே உள்ள இரண்டு வரியையும் மறுபடி கொடுத்து, டேப் எண்ணிக்கையை ஒன்று கூட்டிப் பாருங்கள். குருட்டாம்போக்கு வேலைதான், ஆனாலும் எனக்கு இரண்டு போனில் நடந்திருக்கிறது.

## தானாகவே தொட்டுக்கொள்கிறது

உடைந்த திரை யாரும் தொடாமலே ஆப் திறப்பது, எண்கள் அடிப்பது. மழை நாளில், வயல் ஈரத்தில் இது மோசமாகும். ஆபத்து என்னவென்றால் பூட்டுத் திரையில் அதுவே தப்புப் பின்களை அடித்துப் போனைப் பூட்டிவிடும், யாருக்காவது போன் அழைப்பும் போகும். தண்ணீரில் விழுந்திருந்தால் ஓட்டை காய்வதற்குள் கேபிளோ அடாப்டரோ செருகாதீர்கள். காய்ந்த பிறகும் நிற்கவில்லை என்றால் மவுஸும் பயன்படாது, அம்புக்குறி ஒரு பக்கம் போக பேய்த் தொடுதல் இன்னொரு பக்கம் போகும். அடுத்த வழிக்குப் போங்கள்.

## கருப்பு, தொடுதலும் இல்லை, டீபக்கிங்கும் இல்லை, டிஸ்ப்ளேபோர்ட்டும் இல்லை

இந்த நிலைக்கு இணையத்தில் பணம் கட்டி வாங்கச் சொல்லும் மென்பொருள்களை வாங்காதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை உள்ளே போனதும் டீபக்கிங்கைப் போடுங்கள் என்றுதான் கேட்கும்.

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி எங்கே போனாலும் சர்வீஸ் கடையில் உங்கள் மாடல் காம்போ, அதாவது கண்ணாடியும் திரையும் சேர்ந்த உருப்படி, இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டாமல் சும்மா கனெக்டரில் மாட்டி அரை மணி நேரம் காட்டச் சொல்லுங்கள். புதுத் திரை போடும்போது ஒட்டுவதற்கு முன் அப்படி மாட்டி டெஸ்ட் செய்வது அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். மாட்டுவதற்கு பேட்டரியைக் கழற்றுவார்கள், போன் அணையும், ஆகவே பின் உங்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். பின்னைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வராமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டு, மேலே சொன்ன இணைப்பு, பேக்கப் இரண்டையும் அங்கேயே கடை வைஃபையில் முடித்துவிடுங்கள். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மாமா கணக்கு என்ன ஆனது என்றால், கம்ப்யூட்டரில் வாய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. மூன்று பேர் கணக்கில் மட்டும் டிரைவர் மணி சொல்லும் இடத்தில் வண்டிச் சத்தம் ஏறி விழுந்துவிட்டது, அவர்கள் சொன்னதையே மாமா ஏற்றுக்கொண்டார்.